விற்றால் காசு, இல்லையென்றால் சரக்கு: கடையில் கொடுத்து வைத்த பொருள் யாருடையது, நட்டம் யார் தலையில்?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு நாள் காலை ஆறரைக்கு போன் வந்தது. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் சேலை கொடுத்து வைத்திருந்தேன். அங்கே ராத்திரி மேல்மாடிக் குழாய் வெடித்து, மேல்தட்டில் அடுக்கியிருந்த எட்டு சாஃப்ட் சில்க் சேலைகள் நனைந்துபோயிருந்தன. நான் போய்ப் பார்க்கும்போது சிவப்புக் கரையின் சாயம் சந்தன நிற உடம்பில் இறங்கிவிட்டது, ஒன்றைக்கூட விற்க முடியாது. கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் சொன்னது இதுதான்: "அக்கா, விக்கிற வரைக்கும் உங்க சரக்குதானே? அப்ப நனைஞ்சதும் உங்க சரக்குதான்." நான், "தம்பி, சாவி உங்க கையில இருக்கு, கடை உங்களோடது, நான் வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்" என்றேன்.

இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே காகிதம், டெலிவரி ஆர்டர். அதில் "60 சேலை, விற்காதது திருப்பி" என்று எழுதி இரண்டு கையெழுத்து. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பேசினோம். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன், ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டேன். சேலை, நகை, பித்தளை விளக்கு, முறுக்கு டப்பா என்று எதையாவது தேக்காவிலோ வேறு எங்கோ ஒரு கடையில் "விற்றால் காசு" என்று வைப்பவர்களுக்கும், அப்படி வாங்கி வைக்கும் கடைக்காரர்களுக்கும் அதையெல்லாம் படிப்படியாக எழுதுகிறேன். பெரிய தொகை என்றால் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதல் படி: மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

நானும் அந்தத் தம்பியும் செய்த தவறு, மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்பியதுதான். பொருள் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. அது கெட்டாலோ தொலைந்தாலோ நட்டம் யாருக்கு என்பது இன்னொன்று. கடைக்காரர் எப்போது, எதற்குப் பணம் தர வேண்டும் என்பது மூன்றாவது. சிங்கப்பூரில் இதற்கெல்லாம் அடிப்படை பொருள் விற்பனைச் சட்டம். அது 1979-ல் இங்கிலாந்தில் போட்ட சட்டம், 1993-ல் வந்த இன்னொரு சட்டத்தின் வழியாக இங்கேயும் நம் சட்டமாகியது. அதனால் பழைய இங்கிலாந்துத் தீர்ப்புகளையும் இங்கே வக்கீல்கள் எடுத்துப் பேசுவார்கள்.

அந்தச் சட்டத்தின் 20-ம் பிரிவு, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் நட்டம் சொந்தக்காரருக்கு என்கிறது. கவனியுங்கள், "வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால்" என்பதுதான் அதில் முக்கியம். சொந்தம் என்னிடம், நட்டப் பொறுப்பு உங்களிடம் என்று ஒரே ஒப்பந்தத்தில் எழுதலாம், அது செல்லும். எழுதாமல் விட்டவர்களுக்குத்தான் சட்டம் தானே ஒரு பதிலை வைத்திருக்கிறது. அந்தப் பதில் சரக்கு கொடுத்தவருக்குப் பெரும்பாலும் பிடிக்காது.

இரண்டாம் படி: உங்கள் ஏற்பாடு உண்மையில் எது என்று பாருங்கள்

"கன்சைன்மென்ட்" என்ற சொல்லை நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேறு உறவுகள் இருக்கின்றன.

ஒன்று, விற்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையோடு கொடுப்பது. நான் சேலைக்கு 80 வெள்ளி என்று ஒரு விலை சொல்கிறேன். கடைக்காரர் 120-க்கோ 150-க்கோ விற்பார், அது அவர் விருப்பம். விற்றால் எனக்கு 80, மீதி அவருடையது. இங்கே அவர் வாங்கப்போகிறவர், ஆனால் இன்னும் வாங்கவில்லை.

மற்றொன்று, கடைக்காரர் என் ஏஜெண்டாக இருப்பது. விலையை நான் சொல்கிறேன். அவர் என் சார்பில் விற்று, தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கோடு தருகிறார். சேலை நேராக என்னிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போகிறது, கடைக்காரர் நடுவில் எந்த நேரத்திலும் சொந்தக்காரர் ஆவதில்லை.

காகிதத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது முடிவான விஷயம் இல்லை. எந்த விலைக்கு விற்றாலும் எனக்கு ஒரே தொகை, யாருக்கு விற்றார் என்று கணக்குக் காட்ட வேண்டியதில்லை, பணம் வருகிறதோ இல்லையோ குறித்த நாளில் தர வேண்டும் என்றால், ஏஜெண்ட் என்று எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அதை விற்பனையாகவே பார்க்கும். இங்கிலாந்தில் 1871-லேயே இப்படி ஒரு தீர்ப்பு வந்துவிட்டது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே நகை வியாபாரியின் இரண்டு வழக்குகள் இருக்கின்றன, எனக்கு இந்த விஷயம் புரிந்ததே அவற்றால்தான். 1906-ல் வைனர் என்ற வியாபாரி இன்னொருவரிடம் நகை கொடுத்தார், பணம் கட்டும் வரை சொந்தம் என்னுடையது என்று காகிதத்தில் எழுதியிருந்தார். நகை கை மாறி, கடைசியில் அடகுக் கடையில் போய் நின்றது. வைனர் ஜெயித்தார், நகை திரும்பி வந்தது. 1910-ல் அதே வைனர், வேறு ஒருவர், மறுபடி அடகு. இந்த முறையும் சொந்தம் என்னுடையது என்றுதான் எழுதியிருந்தது, ஆனால் லாபத்தில் பங்கு கொடுத்து, கணக்குக் கேட்டு, மொத்தத்தில் அந்த ஆளை விற்பனை ஏஜெண்டாக வைத்திருந்தார். பிறர் சரக்கை விற்பதையே தொழிலாகச் செய்யும் ஏஜெண்டிடம் நாமே சரக்கைக் கொடுத்துவிட்டால், அவர் வழக்கமான வியாபாரத்தில் அடகு வைத்தாலும், அடகு பிடித்தவர் விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு பிடித்திருந்தால், அது நம்மைக் கட்டுப்படுத்தும் என்று தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. வைனர் தோற்றார். அந்தச் சட்டம் சிங்கப்பூரிலும் இருக்கிறது.

ஆகவே ஏஜெண்ட் முறை எப்போதும் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். தங்கம், வைரம் மாதிரி அடகு போகக்கூடிய சரக்கு என்றால் இதை ரொம்ப யோசிக்க வேண்டும். சேலையை யாரும் அடகு வைப்பதில்லை, அதனால் நான் கணக்கு வசதியைப் பார்த்து, திருப்பித் தரும் முறையிலேயே இருக்கிறேன்.

மூன்றாம் படி: சொந்தம் எந்த நொடியில் மாறும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

திருப்பித் தரும் முறைக்கு, சட்டத்தின் 18-ம் பிரிவில் நான்காவது விதி என்று ஒன்று இருக்கிறது. சரக்கு கடைக்குள் போனதும் சொந்தம் மாறாது. இரண்டு வழியில்தான் மாறும்.

முதல் வழி, கடைக்காரர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது, அல்லது சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்வது. வாடிக்கையாளருக்கு விற்பது அப்படி ஒரு நடத்தை. 1897-ல் ஒரு வழக்கில், திருப்பித் தரும் நிபந்தனையோடு வாங்கிய நகையை அடகு வைத்ததும் அதே வகைதான் என்று தீர்ப்பு, ஏனென்றால் அடகு வைத்தவர் இனிமேல் தன் இஷ்டப்படி திருப்பித் தர முடியாது. இன்னொரு வியாபாரிக்கு அதே மாதிரி "விற்றால் காசு" என்று தள்ளிவிடுவதும் அப்படியே. சேலையில் எங்கே தகராறு வரும் என்றால், ஃபால் தைப்பது, ரவிக்கைத் துண்டை வெட்டுவது. ரவிக்கைத் துண்டை வெட்டிவிட்டால் அது இனி நான் கொடுத்த சேலை இல்லை, வெட்டியவர் வாங்கிவிட்டார் என்பது என் நிலை. பொம்மைக்குக் கட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது விற்பதற்கான வேலைதானே, அதை வைத்து வாங்கிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

இரண்டாம் வழி, நேரம். வேண்டாம் என்று சொல்லாமல், குறித்த தேதி தாண்டியும் வைத்துக்கொண்டிருந்தால் சொந்தம் கடைக்காரருக்கு மாறிவிடும். தேதி குறிக்கவில்லை என்றால், நியாயமான காலம் தாண்டினால் மாறும். நியாயமான காலம் எவ்வளவு என்று கேட்டால் சரக்கைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1960 ஆகஸ்டில் ஒரு கார் வியாபாரி பழைய கார் ஒன்றை இன்னொரு வியாபாரியிடம் இப்படிக் கொடுத்தார். அக்டோபரில் பலமுறை கேட்டும் வரவில்லை, நவம்பர் கடைசியில் அடிபட்டுத் திரும்பி வந்தது. பழைய கார் விலை இறங்கிக்கொண்டே போகும் சரக்கு, இவ்வளவு நாள் நியாயமில்லை, ஆகவே சொந்தம் மாறிவிட்டது, காசைக் கட்டு என்று தீர்ப்பு. தீபாவளிச் சேலைக்கு, விளக்குக்கு, வாழ்த்து அட்டைக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம், பண்டிகை முடிந்த மறுநாள் அதன் விலை வேறு.

கடைக்காரர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. தேதிக்குள் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, "வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தெளிவாகச் சொன்னால் போதும். 1990-களில் ஒரு வீடியோ கேம் வழக்கில், கடை நிறுவனம் கெடுவுக்குள், இனிமேல் இந்தச் சரக்கை விற்கப்போவதில்லை, கிளைகளிலிருந்து சேகரித்துப் பட்டியல் அனுப்புகிறோம் என்று எழுதியது. ஒவ்வொரு பொருளையும் எண்ணிச் சொல்லவில்லை என்றாலும் அந்தக் கடிதம் போதும் என்று மேல்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கடைசி நாள் இரவு ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டாலும் உங்கள் தலை தப்பும். போடாமல் விட்டால், நாளைக்குக் கொடுக்கலாம் என்று மூட்டையாகக் கட்டி வைத்த சேலைக்கும் முழு விலை கொடுக்க வேண்டி வரலாம்.

நான்காம் படி: எதுவும் எழுதாவிட்டால் நட்டம் யாருக்கு

1880-ல் ஒரு குதிரை வழக்கு. எட்டு நாள் வைத்துப் பார் என்று கொடுத்த குதிரை மூன்றாம் நாள் செத்துப்போனது, வாங்க வந்தவர் மேல் தப்பில்லை. சொந்தம் இன்னும் மாறவில்லை, ஆகவே நட்டம் கொடுத்தவருக்கு என்று முடிந்தது. என் எட்டுச் சேலையும் அந்தக் குதிரை மாதிரிதான். கடைக்காரர் அன்று காலை சொன்னதில் பாதி சரி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் பாதிதான் சரி. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை இருக்கிறது, 20-ம் பிரிவும் இந்தக் கடமையை நீக்குவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று நிரூபிக்கும் சுமை வைத்திருப்பவர் மேல்தான். மலேசியாவின் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் காணாமல் போன வழக்கில் அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1970-களின் கடைசியில் இதைத் தெளிவாகச் சொன்னது. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது என்று வைத்திருப்பவர் கை விரித்தால், அவர்தான் கட்ட வேண்டும்.

இதைக் கடைக்குள் கொண்டுவந்து பாருங்கள். குழாய் திடீரென்று வெடித்தது, முன்னால் ஒரு அறிகுறியும் இல்லை என்றால் நட்டம் எனக்கு. ஆனால் மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது, கூரைப் பலகையில் பழுப்பு வட்டம் தெரிந்தது, அப்படியிருந்தும் அதன் கீழேயே சேலையை வைத்திருந்தார் என்றால் நட்டம் அவருக்கு. நான் அன்று காலை செய்த ஒரே நல்ல காரியம், தண்ணீரைத் துடைக்கும் முன் கூரையைப் படம் எடுத்ததுதான். புதிய ஈரம் ஒரே நிறமாகப் பரவியிருக்கும். பழைய கசிவு என்றால் ஓரத்தில் பழுப்புக் கோடு, பல நாள் காய்ந்து காய்ந்து நனைந்தது மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். அந்தப் படத்தில் மூன்று வளையம் இருந்தது.

திருட்டும் இப்படித்தான். பூட்டை உடைத்துத் திருடினால், போலீஸ் புகார் இருக்கிறது, கேமரா இருக்கிறது, கவனமாக இருந்தேன் என்று அவர் காட்டிவிடலாம். ஆனால் கணக்கு எடுக்கும்போது ஐந்து சேலை குறைகிறது, எங்கே போனது, எப்போது போனது என்று தெரியவில்லை என்றால் அவர் காட்ட ஒன்றுமில்லை. அந்த ஐந்துக்கும் அவர் பொறுப்பு.

ஐந்தாம் படி: காகிதத்தில் எழுத வேண்டியது

நான் இப்போது டெலிவரி ஆர்டரின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுகிறேன். பெரிய ஒப்பந்தம் வேண்டாம், நாலைந்து வாக்கியம் போதும், ஆனால் சரக்கு இறங்கும் முன் கையெழுத்து ஆக வேண்டும். பின்னால் அனுப்பும் இன்வாய்ஸில் பொடி எழுத்தில் போட்டால் அவர் ஒப்புக்கொண்டதாக ஆகாது. கடைக்காரருக்குத் தமிழ் வசதி என்றால் தமிழில் விளக்கிவிட்டு, கையெழுத்துப் போடும் படியை ஆங்கிலத்தில் வையுங்கள், நாளைக்கு நீதிமன்றமோ இன்சூரன்ஸ் கம்பெனியோ படிக்க வேண்டியிருக்கும்.

சொந்தம் பற்றி நான் எழுதுவது: "முழுப் பணமும் வரும் வரை ஒவ்வொரு பொருளும் கொடுத்தவருக்கே சொந்தம். கடைக்காரர் தன் வழக்கமான வியாபாரத்தில் வாடிக்கையாளருக்குச் சில்லறையாக விற்கலாம். அடகு வைக்கவோ, வேறு வியாபாரிக்குக் கொடுக்கவோ கூடாது." இந்த வாக்கியம் இருந்தால் நான்காவது விதி ஒதுங்கிக்கொள்ளும், ஏனென்றால் அந்த விதி இரண்டு பேரும் வேறு மாதிரி நினைக்காத இடத்துக்கு மட்டும்தான். விற்க அனுமதி கொடுத்திருப்பதால் சேலை வாங்கிய வாடிக்கையாளருக்கு ஒரு தொல்லையும் இல்லை, அவரிடம் போய் நான் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

நட்டம் பற்றி: "கடையில் இறங்கிய நேரத்திலிருந்து, கொடுத்தவர் கையில் திரும்பி வரும் வரை, தொலைவது, திருட்டு, தண்ணீர், தீ, கறை எல்லாவற்றுக்கும் கடைக்காரர் பொறுப்பு. தொகை, பட்டியலில் கடைக்காரருக்குக் குறித்த விலை." கடைசிப் பாதியை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் நனைந்த சேலைக்கு 80 வெள்ளியா, நான் வாங்கிய விலையா என்று இன்னொரு சண்டை ஆரம்பிக்கும். சாவியும் கேமராவும் பணியாளும் யாரிடம் இருக்கிறதோ அவரே பொறுப்பேற்பதுதான் நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் கடைக்காரர் மறுத்தால் அதிலும் நியாயம் இருக்கலாம். அவர் கேட்காமலே நான் நூறு சேலை அடுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் நீ பொறுப்பு என்றால் எப்படி? அப்போது ஒரு எல்லை வையுங்கள். ஒரு நேரத்தில் கடையில் 5,000 வெள்ளிச் சரக்குக்கு மேல் இருக்காது என்றோ, குழாய் வெடிப்பு மாதிரி வெளியிலிருந்து வரும் விபத்தை மட்டும் பாதிப் பாதி என்றோ பேசிக்கொள்ளலாம்.

தேதி பற்றி: நாளைக் குறியுங்கள், அந்த நாள் தாண்டினால் என்ன ஆகும் என்றும் எழுதுங்கள். "நவம்பர் 10 மாலை 6 மணிக்குள் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லாத பொருளுக்குக் கடைக்காரர் பணம் தர வேண்டும்." யார் போய் எடுப்பது, எத்தனை நாளில், கரை மடிந்திருந்தால் எடுத்துக்கொள்வோமா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சரக்கு இறங்கும்போதே இருந்த குறையை மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற வரியும் வேண்டும், அது கடைக்காரருக்குப் பாதுகாப்பு, நூல் இழுத்த சேலையை நான் அவர் தலையில் கட்ட முடியாது.

கடைசியாக, கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று பாருங்கள். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பதிவு வேறு பெயரில் இருக்கும். அக்ராவின் Bizfile தளத்தில் பார்த்து, பதிவுப் பெயரையும் UEN எண்ணையும் காகிதத்தில் எழுதுங்கள்.

ஆறாம் படி: எண்ணுவது

எவ்வளவு நல்ல காகிதமும், எது என் சேலை என்று காட்ட முடியாவிட்டால் வீண். ஒவ்வொரு சேலைக்கும் எண் போட்டு, உள் முந்தானை மடிப்பில் சின்னத் துணி லேபிள் தைத்து அனுப்புகிறேன். பிளாஸ்டிக் உறையில் ஒட்டும் ஸ்டிக்கர் உதவாது, விரித்துக் காட்டும்போது உறை மாறிவிடும். கடையில் தனி அலமாரித் தட்டு, அதில் சின்னப் பலகை. வாரத்துக்கு ஒருமுறை நானோ என் மகளோ போய் எண்ணி, விற்றது, இருப்பது, இல்லாதது என்று மூன்று எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குவோம். விற்றதற்கு அன்றே இன்வாய்ஸ். இப்படிச் செய்தால் ஐந்து சேலை குறைந்தது எந்த வாரத்தில் என்று தெரியும், அந்த வாரத்தின் கேமராப் பதிவு இன்னும் அழியாமல் இருக்கும். இரண்டு மாதம் கழித்து எண்ணினால் பதிவே இருக்காது.

ஏழாம் படி: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

செப்டம்பர் 1-ம் தேதி 60 சேலை இறங்குகிறது, ஒன்று 80 வெள்ளி, மொத்தம் 4,800. தீபாவளி முடிந்து எண்ணும்போது 22 விற்றிருக்கிறது, 8 நனைந்தது, 5 காணவில்லை, 25 நன்றாக இருக்கிறது.

நான் முதலில் வைத்திருந்த அந்த ஒற்றை வரிக் காகிதத்தோடு பார்ப்போம். விற்ற 22-க்கு 1,760 வெள்ளி வரும், அதில் தகராறு இல்லை. காணாமல் போன 5-க்கு, அவரால் விளக்க முடியாததால் 400. நனைந்த 8-ன் விலை 640, அவர் மேல் தவறில்லை என்று அவர் காட்டிவிட்டால் அது என் நட்டம். ஆக எனக்கு 2,160 வெள்ளியும் 25 சேலையும். பழைய கசிவைக் கவனிக்காமல் விட்டார் என்று தெரிந்தால் 640-ம் சேர்ந்து 2,800.

நட்டப் பொறுப்பு வரி இருந்தால் கசிவு பழையதா புதியதா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். நேராக 2,800 வெள்ளி, 25 சேலை. அதே 25 சேலையைக் கெடு தாண்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்திருந்தால் அதற்கும் 2,000 சேர்ந்து 4,800 ஆகிவிடும்.

எட்டாம் படி: இன்சூரன்ஸை வாயால் நம்பாதீர்கள்

"எங்க கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்றால் பாலிசியில் சரக்கு என்று எழுதிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரரின் சொந்தச் சரக்கு மட்டும் என்றால் நம் சேலை அதில் இல்லை. பிறருக்காகப் பொறுப்பிலோ கமிஷனிலோ வைத்திருக்கும் பொருளும் சேரும் என்று பல பாலிசிகளில் ஒரு சொற்றொடர் வரும், ஆனால் பெரும்பாலும் கடைக்காரர் பொறுப்பான அளவுக்கு மட்டும் என்ற வாலும் சேர்ந்தே வரும். இங்கேதான் ஐந்தாம் படியின் வரி இன்னொரு வகையில் உதவுகிறது. பொறுப்பு அவருடையது என்று எழுத்தில் இருந்தால் அவர் கம்பெனியிடம் கேட்பது எளிதாகலாம். அப்புறம், திருட்டுப் பாலிசி என்பது பொதுவாக உடைத்துப் புகுந்த திருட்டுக்குத்தான். பகலில் பையில் போட்டுக்கொண்டு போவதும், கணக்கெடுப்பில் குறைவதும் அதில் வராது. தண்ணீர்க் குழாய் வெடிப்பு சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், தீ மட்டும் போட்டவர்கள் நிறைய.

ஒன்பதாம் படி: கடை மூடப்போகிறது என்று தெரிந்தால்

வாடகை நிற்கிறது, அலமாரி காலியாகிறது, பணியாள் குறைகிறார், வாரக் கணக்குக்குப் போனால் முதலாளி இல்லை. இதெல்லாம் தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையைக் காகிதத்திலேயே எழுதி வைத்திருந்தால் அன்றே போய் எடுத்துவிடலாம்.

நிறுவனம் கலைப்புக்குப் போனால், சொந்தம் என்னிடமே இருக்கும் 25 சேலை கடன்காரர்களுக்குப் பங்கு போடும் சொத்து இல்லை, கலைப்பு அதிகாரியிடம் பட்டியலையும் லேபிளையும் காட்டிக் கேட்கலாம். ஆனால் விற்ற 22-க்கான 1,760 வெள்ளி வெறும் கடன்தான், எல்லாக் கடன்காரர்களோடும் வரிசையில் நிற்க வேண்டும், பெரும்பாலும் கொஞ்சம்தான் கிடைக்கும், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். ஏஜெண்ட் முறையில், விற்ற பணத்தைத் தனிக் கணக்கில் எனக்காக வைக்க வேண்டும் என்று எழுதி அவரும் உண்மையிலேயே தனியாக வைத்திருந்தால் அந்தப் பணத்தையே என்னுடையது என்று கேட்கலாம். எல்லாம் ஒரே கல்லாப்பெட்டிக்குள் போயிருந்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால்தான் வாரம் ஒருமுறை வசூல் செய்யச் சொல்கிறேன்.

வாடகைப் பாக்கிக்குக் கட்டட உரிமையாளர் நீதிமன்ற உத்தரவு வாங்கினால், 12 மாத வாடகை வரைக்கும் கடைக்குள் இருக்கும் பொருளைக் கைப்பற்றச் செய்யலாம், இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வந்து எடுப்பவர்கள் எது யாருடையது என்று கேட்டு எடுக்க மாட்டார்கள். நாம்தான் நீதிமன்றத்துக்கு ஓடி இது என் சரக்கு, நான் வாடகைதாரர் இல்லை என்று மனுப் போட வேண்டும், ஏலத்துக்கு முன் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்தச் சமயத்தில் வாரக் கணக்கும் துணி லேபிளும் கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

கடை நன்றாக நடந்துகொண்டே பணம் மட்டும் தராமல் இழுத்தால் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிபியூனலுக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு பேரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் அங்கே வாதாட முடியாது, ஆகவே நம் காகிதம்தான் பேச வேண்டும்.

அந்த எட்டுச் சேலைக்கு வருவோம். கூரைப் படத்தில் இருந்த மூன்று வளையத்தைத் தம்பியிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கசிவு பற்றி மேல்மாடிக்காரருக்குத் தான் முன்பே அனுப்பிய செய்தியைத் தானே எடுத்துக் காட்டினார். செய்தி அனுப்பிய நாள், குழாய் வெடிப்பதற்கு ஆறு நாள் முன்னால். சேலையை மட்டும் அவர் இடம் மாற்றவில்லை. 640-ஐ அவர் இரண்டு தவணையில் கொடுத்தார், மேல்மாடிக்காரரிடம் அவர் தனியாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த செப்டம்பரில் அதே கடைக்கு மறுபடி 60 சேலை கொடுத்தேன். புதுக் காகிதத்தைப் படித்துவிட்டு, "சரிக்கா, ஆனா மேல்தட்டுல வைக்க மாட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.